வேலை போனதைக் கடிதத்தில் சொல்வதா, சொன்னால் எவ்வளவு?

போன ஏப்ரலில் ஒரு நாள் ராத்திரி என் சித்தி மகன் ஒரு விண்ணப்பக் கடிதத்தை அனுப்பி, "அக்கா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, காலையில அனுப்பணும்" என்றான். சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் ஆறு வருடம் மூன்று மாதம் டெஸ்டிங் வேலை பார்த்தவன். அக்டோபரில் அவன் இருந்த ப்ராஜெக்ட் முடிந்தது, மூன்று மாதம் வேறு ப்ராஜெக்ட் தராமல் பெஞ்சில் வைத்திருந்தார்கள், ஜனவரியில் எச்.ஆர். கூப்பிட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார்கள், 31ஆம் தேதியோடு வேலை முடிந்தது. கடிதத்தைத் திறந்தால் அவனுக்கு என்ன வேலை தெரியும் என்பது மூன்று வரியில் இருந்தது. வேலை எப்படிப் போனது என்பது பதினொரு வரி.

நான் பத்து வருடத்துக்கு மேல் ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். இந்தப் பதினொரு வரியை வேறு வேறு கையெழுத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை போனவர்கள் கடிதம் எழுதும்போது நான்கு வழிகளில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள்: ஒன்றுமே சொல்லாமல் விடுவது, மாற்றிச் சொல்வது, எல்லாவற்றையும் விளக்குவது, ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்வது. நான் கடைசி வழியின் பக்கம். ஆனால் எல்லோருக்கும் எப்போதும் அதுவே சரி என்று சொல்ல மாட்டேன், அதனால் ஒவ்வொன்றையும் படிக்கிறவர் பக்கத்திலிருந்து பார்த்துவிடலாம். நம் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகின்றன. இங்கே மாதிரி வரிகளைத் தமிழில் தருகிறேன், சொல்லின் எடை தெரிந்தால் போதும், மொழி மாற்றுவது பெரிய வேலை இல்லை.

முதலில் சொல்லாமல் விடுவது. "கடிதம் என்பது நம்மைப் பற்றி நல்லது சொல்லத்தானே, கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்" என்பது இதன் நியாயம், அதில் தப்பு ஒன்றும் இல்லை. சில நேரம் இதுவே சரியும்கூட. வெளியே வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, அல்லது அந்த நிறுவனத்திலேயே தெரிந்தவர் ஒருவர் உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார், அவர் விஷயத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்றால் கடிதத்தில் அதற்கு இடமே தேவையில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நீங்கள் சொல்லாவிட்டாலும் ரெஸ்யூமே சொல்லிவிடுகிறது. நம் ஊர் ஐ.டி. வேலைகளில் நோட்டீஸ் பீரியட் பல இடங்களில் 60 அல்லது 90 நாள். வேலையில் இருக்கும் எவரும் "உடனே சேரலாம்" என்று எழுத முடியாது. வேலை இல்லாதவர்கள் அந்த வார்த்தையைத்தான் முதலில் எழுதுகிறார்கள், எழுதவும் வேண்டும், ஏனென்றால் அவசரமாக ஆள் தேடும் இடத்தில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. "ஜனவரி வரை" என்று முடியும் தேதியும் "உடனே சேரலாம்" என்ற வரியும் ஒரே பக்கத்தில் இருந்தால் படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும், காரணம் மட்டும் தெரியாது. தெரியாத காரணத்தை அவர் மனம் தானாக நிரப்பிக்கொள்ளும். ஒரு நாளைக்கு எண்பது ரெஸ்யூமே பார்க்கிறவருக்கு உங்களைக் கூப்பிட்டுக் கேட்க நேரம் இருக்காது, இதே அனுபவத்தோடு கேள்விக்குறி இல்லாத இன்னொரு ஆள் அடுத்ததாக இருந்தால் அவரைக் கூப்பிடுவார். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். இடைவெளி மூன்று மாதத்தைத் தாண்டியிருந்தால் மௌனம் உங்களுக்கு உதவுவதில்லை என்பது என் அனுபவம்.

இரண்டாவது, மாற்றிச் சொல்வது. "சொந்தக் காரணங்களுக்காக விலகினேன்" என்பது இதில் மிதமானது, இன்னும் வேலையில் இருப்பதுபோல ரெஸ்யூமேயில் "இன்று வரை" என்று விட்டுவைப்பது கடுமையானது. இரண்டுமே பயத்தில் வருவது, செய்பவர்களை நான் மோசமானவர்கள் என்று நினைத்ததில்லை. ஆனால் மாட்டும் வழி மிக எளிது. உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணுக்குள் போனால் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் வெளியேறினீர்கள் என்று வரிசையாக இருக்கும். அதை எடுத்துத் தரச் சொல்லும் நிறுவனங்கள் இப்போது நிறைய. அப்புறம் பி.ஜி.வி. என்று எல்லோரும் சொல்லும் பின்புலச் சரிபார்ப்பு. அதில் பழைய நிறுவனத்தின் எச்.ஆரிடம் பதவி, சேர்ந்த தேதி, விட்ட தேதி, விட்ட காரணம், இவரைத் திரும்ப எடுப்பீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். பதில் எல்லாவற்றுக்கும் வராது, தேதிக்குப் பெரும்பாலும் வரும். ஆஃபர் லெட்டரிலேயே "தந்த விவரங்கள் பொய் என்று தெரிந்தால் ரத்து" என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும், சேர்ந்து இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தாலும் அது செல்லும். முதல் வேலை போனதற்கு ஆள்குறைப்பு என்ற காரணமாவது இருந்தது. இரண்டாவது வேலை இப்படிப் போனால் அதற்குக் காரணம் பொய் என்று ஆகிவிடும், அதை அடுத்த கடிதத்தில் எந்த ஒரு வரியாலும் சொல்ல முடியாது.

இதில் ஒரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. சில நிறுவனங்கள் வெளியேறிய தேதியை பி.எஃப். கணக்கில் பதிவதே இல்லை. கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் ஆன பிறகு நீங்களே உறுப்பினர் தளத்தில் `Manage` என்பதற்குள் `Mark Exit` வழியாகப் பதியலாம். கடிதத்தில் ஜனவரி 31 என்று எழுதிவிட்டு அங்கே வேறு தேதி இருந்தால் நீங்கள் உண்மை சொல்லியும் பொய் சொன்னவர்போலத் தெரிவீர்கள், அதனால் கடிதம் அனுப்புவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது வழிதான் தம்பி எடுத்தது, எல்லாவற்றையும் விளக்குவது. அவன் எழுதியதில் ஒரு பகுதியின் சாரம் இது: "ஆறு ஆண்டுகள் இரவு பகல் பாராமல் உழைத்த என்னை, எந்த முன்னறிவிப்பும் இன்றி, திறமையைக் கணக்கில் எடுக்காமல் ராஜினாமா செய்யுமாறு நிர்ப்பந்தித்தார்கள். என் மேலாளர் தனக்கு வேண்டியவர்களை வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றிவிட்டார்." ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று எனக்குத் தெரியும், அந்த மூன்று மாதமும் அவன் என்னிடம் பேசிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் படிக்கிறவருக்கு அவனைத் தெரியாது, அந்த மேலாளரையும் தெரியாது. அவர் கையில் இருப்பது ஒரு பக்கக் கதை. மறுபக்கம் என்னவாக இருக்கும் என்று யோசிக்கத் தொடங்குவார், அந்த யோசனையில் முதலில் வரும் கேள்வி "வேண்டியவர்களை மாற்றினார் என்றால் இவன் ஏன் அவருக்கு வேண்டியவனாக இல்லை?" என்பதுதான். தம்பி கடிதத்தில் கேட்கவே கூடாத கேள்வியைத் தம்பியே எடுத்துக் கொடுத்துவிட்டான்.

குற்றச்சாட்டு என்றால் திட்டுவது மட்டும் என்று நினைக்கிறோம். கடிதத்தில் அது சின்னச் சின்னச் சொற்களில் வந்து உட்காருகிறது. "திடீரென்று", "காரணமே சொல்லாமல்", "இருந்தும்கூட", "நியாயமற்ற" என்பதெல்லாம் தீர்ப்புச் சொற்கள். "குழு கலைக்கப்பட்டது" என்பது நடந்ததைச் சொல்கிறது, "குழுவைத் திடீரென்று கலைத்துவிட்டார்கள்" என்பது கோபத்தைச் சொல்கிறது. எழுதி முடித்த பிறகு அந்த வரியில் எந்தச் சொல்லை எடுத்தால் தகவல் குறையாது என்று பாருங்கள், அப்படி எடுக்கக்கூடிய சொல்லில்தான் பெரும்பாலும் மனத்தாங்கல் ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கு நேர் எதிராக, வெளியே அனுப்பிய நிறுவனத்தை மூன்று வரி புகழ்ந்து எழுதுகிறவர்களும் உண்டு. அதையும் யாரும் நம்புவதில்லை, அந்த மூன்று வரியை உங்கள் வேலைக்குக் கொடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தம்பி இதைத்தான் முதலில் கேட்டான்: "அப்ப அவங்க செஞ்சத நான் மறைக்கணுமாக்கா?" மறைக்க வேண்டாம். சம்பளப் பாக்கி, செட்டில்மெண்ட், நிர்ப்பந்தித்து எழுதி வாங்கியது எதுவாக இருந்தாலும் அதற்குத் தொழிலாளர் துறை அலுவலகமும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள், அங்கே பதினொரு வரி என்ன, பதினொரு பக்கமே எழுதலாம். வேலை கேட்கும் கடிதத்தைப் படிக்கிறவரால் அந்த அநியாயத்துக்கு எதுவும் செய்ய முடியாது. அவர் கையில் இருப்பது ஒரு காலியிடம் மட்டும். அதோடு, இழப்பீடு வாங்கும்போது ஏதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதை எடுத்துப் படியுங்கள், நிறுவனத்தைப் பற்றித் தவறாகப் பேசக் கூடாது, தொகையை வெளியே சொல்லக் கூடாது என்ற வரிகள் அதில் இருக்கலாம்.

சரி, நான்காவது வழி. ஒரு வரி, மிஞ்சிப்போனால் இரண்டு. அதில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: என்ன நடந்தது, எப்போது, இப்போது நீங்கள் எப்போது சேர முடியும். இதைக் கடிதத்தின் தொடக்கத்தில் வைக்காதீர்கள், அப்படி வைத்தால் மற்றதெல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் படிக்கப்படும். முடிவிலும் வேண்டாம், கடைசியில் படித்தது மனத்தில் தங்கும். உங்கள் அனுபவத்தைச் சொல்லும் பத்திக்கு அடுத்து, சேரும் தேதியைச் சொல்லும் இடத்தில் வைத்தால் அது இயல்பாகப் போய் உட்காரும்.

ஆனால் தம்பியின் வரியை எழுத உட்கார்ந்தபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது, அது நம் ஊருக்கே உரியது. நடந்தது ஆள்குறைப்பு. காகிதத்தில் இருப்பது ராஜினாமா. ரிலீவிங் லெட்டரில் "உங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டு விடுவிக்கப்படுகிறீர்கள்" என்றுதான் எழுதியிருந்தது. இப்போது கடிதத்தில் "ஆள்குறைப்பில் நீக்கப்பட்டேன்" என்று எழுதினால், பி.ஜி.வி. செய்யும் இடத்துக்குப் பழைய நிறுவனம் "அவரே ராஜினாமா செய்தார்" என்று பதில் அனுப்பும். இரண்டும் பொருந்தாது, யார் சொன்னது சரி என்று எவரும் விசாரிக்க மாட்டார்கள், அறிக்கையில் முரண் என்று ஒரு குறிப்பு விழும். மாறாக "ராஜினாமா செய்தேன்" என்று மட்டும் எழுதினால் பொருந்தும், ஆனால் அடுத்த வேலை கையில் இல்லாமல் ஆறு வருட வேலையை ஏன் விட்டான் என்ற கேள்வி கிளம்பும், அதோடு அது பாதி உண்மைதான்.

அரை மணி நேரம் பேசி இப்படி எழுதினோம்: "நான் பணிபுரிந்த காப்பீட்டு ப்ராஜெக்ட் அக்டோபரில் முடிந்தது. அதைத் தொடர்ந்து நடந்த ஆள்குறைப்பின்போது ராஜினாமா செய்து, ஜனவரி 31 அன்று விடுவிக்கப்பட்டேன். உடனே சேர முடியும்." இதில் பொய் எதுவும் இல்லை. ரிலீவிங் லெட்டரோடு மோதும் சொல்லும் இல்லை, ராஜினாமா என்ற சொல்லும் தேதியும் அப்படியே இருக்கின்றன. ஏன் என்ற கேள்விக்கு "ஆள்குறைப்பின்போது" என்ற ஒரு சொல் பதில் சொல்லிவிடுகிறது. மேலாளர் வரவில்லை, எச்.ஆர். வரவில்லை, யார் செய்தது என்பதே வரவில்லை, ஆனாலும் நடந்தது என்ன என்று படிப்பவருக்குத் தெளிவாகத் தெரியும். ஐ.டி. துறையில் ஆள் எடுக்கும் எவருக்கும் ப்ராஜெக்ட் முடிந்து பெஞ்சுக்குப் போனவர்கள் எப்படி வெளியே வருகிறார்கள் என்று நன்றாகவே தெரியும், நாம் விளக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். நிர்ப்பந்தித்து எழுதி வாங்கினார்கள் என்று நீங்கள் மனு கொடுத்திருந்தால் அல்லது கொடுக்கப்போகிறீர்கள் என்றால், "ராஜினாமா செய்தேன்" என்று இன்னொரு காகிதத்தில் நீங்களே எழுதுவதற்கு முன்னால் உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு "ஆள்குறைப்பின்போது ஜனவரி 31 அன்று பணியிலிருந்து வெளியேறினேன்" என்பது பாதுகாப்பான வரி, அது எந்தப் பக்கமும் சாயாது.

முழுக் குழுவும் போயிருந்தால் எண்ணிக்கையைச் சேர்க்கலாம். "14 பேர் கொண்ட எங்கள் குழு முழுவதும் கலைக்கப்பட்டது" என்றால் இது ஒருவரைப் பார்த்து எடுத்த முடிவு இல்லை என்று படிப்பவருக்கே தெரிந்துவிடும். ஆனால் 14 பேரில் இரண்டு பேர் மட்டும் போயிருந்தால் அந்த எண் உங்களுக்கு எதிராகப் பேசும், விட்டுவிடுங்கள். நிறுவனம் வெளியே சொல்லாத எண்ணிக்கையையும் எழுத வேண்டாம், உள் விவரங்களைக் கடிதத்தில் போடுகிறவர் நாளை நம் விவரத்தையும் போடுவார் என்று தோன்றிவிடும்.

இதுவரை சொன்னது ஆள்குறைப்புக்கு. வேலை சரியில்லை என்று நீக்கப்பட்டவர்கள் என்ன செய்வது? இங்கே எனக்கு அவ்வளவு உறுதியான ஒரே பதில் இல்லை, இடத்தைப் பொறுத்து மாறுகிறது. நான் பார்க்கும் அளவுகோல் இதுதான்: எதில் குறை என்று சொல்லி அனுப்பினார்களோ அதே திறமை புதிய வேலைக்கும் தேவையா? தேவையில்லை என்றால் கடிதத்தில் மௌனம் போதும், போனில் கேட்டால் ஒரு வரியில் உண்மையைச் சொல்லுங்கள். தேவை என்றால் கடிதத்திலேயே சொல்வது நல்லது, ஏனென்றால் அந்தக் குறை இப்போது இல்லை என்று காட்ட உங்களுக்குக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

நான் நேர்காணலுக்குக் கூப்பிட்ட ஒரு பெண் தன் கடிதத்தில் ஏறக்குறைய இப்படி எழுதியிருந்தார்: "ஐந்து மாதத் தகுதிகாண் காலத்துக்குப் பிறகு அந்தப் பணி நிரந்தரமாக்கப்படவில்லை. அதற்குத் தேவைப்பட்ட ஆட்டோமேஷன் அனுபவம் அப்போது என்னிடம் குறைவு. அதன்பின் செலினியத்தில் ஒரு ரெக்ரெஷன் தொகுப்பை முழுவதும் நானே எழுதியிருக்கிறேன், அதன் இணைப்பு கீழே." நான் அந்த இணைப்பைத் திறந்து பார்த்தேன், அவ்வளவுதான் வேண்டியது. நிரந்தரமாகவில்லை என்பதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் ஐந்து மாதத்தில் விட்ட வேலையைப் பார்த்துவிட்டு அந்த இணைப்புவரை நான் போயிருக்க மாட்டேன். கவனித்துப் பாருங்கள், அவர் பயிற்சி தரவில்லை என்று நிறுவனத்தைச் சொல்லவில்லை, தன்னையும் தாழ்த்திக்கொள்ளவில்லை. குறை என்ன என்று பெயர் சொன்னார், பிறகு என்ன செய்தார் என்று காட்டினார். "அதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது யாரும் எழுதும் வரி, அதில் திறந்து பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

ஐந்து மாத வேலையைச் சொல்லாமலே விட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கடிதத்திலிருந்து விடலாம், எதைச் சொல்வது என்பது அங்கே உங்கள் தேர்வு. ரெஸ்யூமேயிலும் பலர் விடுகிறார்கள். ஆனால் நிறுவனம் தரும் விண்ணப்பப் படிவத்தில் "இதுவரை பார்த்த எல்லா வேலைகளும்" என்று கேட்டு, கீழே "மேற்கண்டவை உண்மை" என்று கையெழுத்து வாங்குகிறார்கள் பாருங்கள், அங்கே விடக் கூடாது. கடிதத்தில் விட்டால் சுருக்கம், படிவத்தில் விட்டால் மறைப்பு.

ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்குக் கடிதத்தில் ஒரு வரி வேலை செய்யாது என்பது என் கருத்து. இரண்டு வரியில் அதைச் சொல்லவும் முடியாது, சொன்னால் அதற்குமேல் எதுவும் படிக்கப்படாது. கடிதத்தில் விட்டுவிடலாம், ஆனால் "ஆள்குறைப்பு" என்றோ "சொந்தக் காரணம்" என்றோ வேறு பெயர் வைக்காதீர்கள், படிவத்தில் பணிநீக்கம் செய்யப்பட்டதுண்டா என்று கேட்டால் ஆம் என்றே குறியுங்கள், நேரில் பேசும்போது என்ன நடந்தது, அதற்கு உங்கள் பொறுப்பு எவ்வளவு என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.

தம்பி அன்று காலை கடிதத்தை அனுப்பினான், பதினொரு வரி போன இடத்தில் காப்பீட்டு க்ளெய்ம் டெஸ்டிங்கில் அவன் செய்ததை வைத்திருந்தோம். அனுப்பும் முன் அந்த வரியை ஐந்தாறு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னேன், போனில் கேட்கும்போது கடிதத்தில் இருப்பதும் வாயில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று. நான்கு நாள் கழித்துப் புதிய நிறுவனத்தின் எச்.ஆர். கூப்பிட்டு முதலில் கேட்டது "ஏன் விட்டீங்க?" என்பதுதான். அவன் அதே வரியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். மறுமுனையில் இரண்டு நொடி டைப் செய்யும் சத்தம். அப்புறம் அடுத்த கேள்வி: "க்ளெய்ம்ஸ்ல மோட்டாரா, ஹெல்த்தா பாத்தீங்க?"